சம்பளச் சீட்டில் காணாமல் போன 19 வருடம்



மாதம் பிறந்தால் சம்பளச் சீட்டு கைக்கு வருகிறது. வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கடைசி வரியில் எத்தனை வெள்ளி என்று பார்க்கிறோம். பிறகு மடித்துச் சட்டைப் பையிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ சொருகிவிடுகிறோம். சீட்டின் மேல் பாகத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறோம்? அப்படிப் படிக்காமல் விட்ட ஒரே ஒரு வரியால், 22 வருடம் உழைத்த ஓர் அம்மாள் மூன்று வருட வேலைக்காரியாகக் கணக்கில் நின்றார். அந்தக் கதையையும், ஒரு கடுதாசி எழுதி அதை அவர் எப்படித் திருத்திக்கொண்டார் என்பதையும் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

அந்த அம்மாளுக்கு வயது 46. நெகிரி செம்பிலான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். 2003ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது, எல்லா வேலையும் செய்தவர். 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி தோட்டம் கைமாறியது. பழைய கொம்பனி போய்ப் புதுக் கொம்பனி வந்தது. அன்று காலையும் அதே பெரட்டு, அதே மண்டோர், அதே வேலைக்காடு. பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது. அதனால் யாரும் கவலைப்படவில்லை.

மூன்று வருடம் ஓடிப்போச்சு. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்ணன் மகள் கல்யாணம். மண்டோரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் லீவு எடுத்தார். அக்டோபர் முதல் வாரத்தில் வந்த சம்பளச் சீட்டில் அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கிராணியைக் கேட்டார்.

"தம்பி, ரெண்டு நாள் லீவுக் காசு வரலியே?"

"அக்கா, உங்களுக்கு வருசத்துக்குப் பன்னெண்டு நாள்தான். அது முடிஞ்சு போச்சு. இது சம்பளம் இல்லாத லீவு."

"நான் எப்பவும் பதினாறு நாள் எடுக்கிற ஆளு தம்பி!"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு. நான் என்ன பண்ண?"

மூன்று தடவை போனார். மூன்று தடவையும் இதே பதில்தான். நான்காவது தடவை ஆபீசுக்குப் போகாமல், சீட்டுக் கட்டோடு நம்மைத் தேடி வந்தார்.

பன்னிரண்டு எப்படி வந்தது?

லீவு நாள் குறைந்தது நோயல்ல, நோயின் அறிகுறி என்று நமக்கு உடனே பட்டது. ஏன் தெரியுமா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வருடாந்திர லீவை வேலை செய்த வருடத்தை வைத்துத்தான் அளக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள். இரண்டு வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகாதவருக்கு 12 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள். சட்டம் சொல்லும் குறைந்த அளவு இதுதான்.

அப்படியானால், ஒருவருக்கு 12 நாள் என்று கம்ப்யூட்டர் சொன்னால், "இவர் சேர்ந்து இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை" என்று அது நினைக்கிறது. 22 வருடம் வேலை செய்தவரைப் பற்றி அது ஏன் அப்படி நினைக்க வேண்டும்?

சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பெயர் சரி. அடையாளக் கார்டு நம்பர் சரி. அதற்குக் கீழே, மலாயில், வேலைக்குச் சேர்ந்த தேதி. அங்கே இருந்தது 1.10.2003 அல்ல, 1.10.2022!

நடந்தது இதுதான். தோட்டம் கைமாறியபோது எல்லாருடைய பெயரையும் புதுக் கொம்பனியின் சம்பளக் கணக்கில் புதிதாக ஏற்றினார்கள். அது கேட்டது, "இந்தக் கொம்பனியில் சேர்ந்த தேதி என்ன?" ஏற்றியவர் கைமாறிய தேதியைப் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தேதி மாறியதில் 19 வருடம் காணாமல் போனது. அதிலும் முதல் இரண்டு வருடம் அந்த அம்மாள் கூடுதல் லீவு எடுக்கவே இல்லை. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை.

இரண்டு நாள் சம்பளம் மட்டும்தானா?

"போகட்டும் ஐயா, ரெண்டு நாள் காசுதானே" என்றார் அந்த அம்மாள். நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. இரண்டு நாளுக்கு 130 வெள்ளி 76 காசு. சின்னத் தொகைதான். நாம் ஒரு தாளை எடுத்து இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டினோம்.

தோட்டங்கள் வீட்டு நிலமாகவும் பட்டணமாகவும் மாறுவதை நாம் எத்தனையோ பார்த்துவிட்டோம். அப்படித் தோட்டத்தை மூடி ஆட்களை நிறுத்தினால், 1980ஆம் ஆண்டு வேலை நீக்க நட்டஈட்டு விதிகள்படி பணம் கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு, வருடம் ஒன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள் சம்பளம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் சம்பளம்.

2025 அக்டோபரில் தோட்டத்தை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சீட்டில் இருந்த தேதிப்படி அவருக்கு மூன்று வருடம். மூன்றைப் பதினைந்தால் பெருக்கினால் 45 நாள். 65.38 வெள்ளி வீதம் 2,942 வெள்ளி 10 காசு. உண்மையான தேதிப்படி 22 வருடம். இருபத்திரண்டை இருபதால் பெருக்கினால் 440 நாள். அதே வீதத்தில் 28,767 வெள்ளி 20 காசு.

வித்தியாசம் 25,825 வெள்ளி 10 காசு. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஒத்தத் தேதிக்கு இவ்வளவா?" என்று கேட்டார்.

(உண்மையில் கணக்குப் போடும்போது கடைசி 12 மாதத்துச் சராசரி நாள் சம்பளத்தை எடுப்பார்கள். ஆகவே தொகை சற்றுக் கூடவோ குறையவோ வரும். தானாக வேலையை விட்டவருக்கும், வயது வந்து ஓய்வு பெற்றவருக்கும் இந்த நட்டஈடு இல்லை.)

பழைய வருடம் செல்லுமா?

"கொம்பனிதான் மாறிப்போச்சே, பழைய வருசத்துக்குப் புதுத் துரை ஏன் பொறுப்பாவாரு?" என்று சிலர் கேட்பது நமக்குக் கேட்கிறது. நல்ல கேள்வி. இதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கைமாறும்போது பழைய கொம்பனி நட்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்ததா? முடித்திருந்தால் அந்த வருடங்களுக்கான பணம் வாங்கியாச்சு. மறுபடி கேட்க முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டு எதையாவது வாங்கினீர்களா என்று நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, நட்டஈடு எதுவும் வாங்காமல், முன்னிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் இடைவெளி இல்லாமல் வேலை தொடர்ந்தால், அதே 1980 விதிகள் பழைய வேலையையும் புது முதலாளியிடம் செய்த வேலையாகவே எண்ணுகின்றன. முதலாளி மாறியதால் சர்வீஸ் அறுந்துவிடாது.

மூன்றாவது, அந்த விதி நட்டஈட்டுக்காகச் செய்தது. லீவு நாளுக்கும் பழைய வருடம் சேருமா என்பதை, கைமாறியபோது கொடுத்த கடிதத்திலும், சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்திலும் பார்க்க வேண்டும். நம் அம்மாளுக்கு நல்ல காலம். 2022இல் கொடுத்த கடிதத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார். "பழைய சர்வீஸ் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்படும், இப்போதுள்ள நிபந்தனைகள் தொடரும்" என்ற கருத்து அதில் தெளிவாக இருந்தது. நட்டஈடும் அவர் வாங்கவில்லை.

அத்தாட்சிகள்

முதலாளி சம்பள ஏடுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 2003ஆம் ஆண்டு ஏடு 2025இல் ஆபீசில் இல்லையென்றால் அதற்காகச் சண்டை போட முடியாது. பழைய தேதியை மெய்ப்பிக்கும் காகிதம் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆகவே பழைய சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டப் போடாதீர்கள்!

அந்த அம்மாள் கொண்டுவந்த கட்டில் நான்கு காகிதங்களைப் பொறுக்கி எடுத்தோம். பழைய கொம்பனி கொடுத்த முதல் சம்பளச் சீட்டு, அக்டோபர் 2003. பழைய கொம்பனியின் கடைசிச் சீட்டு, செப்டம்பர் 2022. புதுக் கொம்பனியின் முதல் சீட்டு, அக்டோபர் 2022. இந்தக் கடைசி இரண்டும் அடுத்தடுத்த மாதமாக இருப்பதால், நடுவில் ஒரு நாளும் அறுபடவில்லை என்று காட்டுகின்றன. நான்காவது அந்த 2022 கடிதம்.

முதல் சீட்டு இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். ஊழியர் சேமநிதி வாரியக் கிளையில் பழைய கணக்கறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்திலிருந்து சந்தா கட்டியிருக்கிறது என்று அதில் தெரியும். தோட்டம் தன் கையாலேயே கட்டிய பணம் என்பதால் அது பலமான அத்தாட்சி.

கடுதாசி எழுதுவது

வாயால் மூன்று தடவை கேட்டதற்கு என்ன சாட்சி? ஒன்றுமில்லை. கிராணி மாறிப் போனால் கேட்டதும் போச்சு. ஆகவே கடுதாசிதான் வழி. அம்மாளின் தம்பி மகன் ஒரு கடுதாசி எழுதித்தான் கொடுத்திருந்தான். "ஏழைத் தொழிலாளியை ஏமாற்றிவிட்டீர்கள், எங்கள் இரத்தத்தை உறிஞ்சுகிறீர்கள்" என்று இரண்டு பக்கம். ஆனால் சேர்ந்த தேதி எது என்று ஓரிடத்திலும் இல்லை! படிக்கிற மேலாளருக்குக் கோபம் வருமே தவிர, எதைத் திருத்த வேண்டும் என்று புரியாது. பையனின் உணர்ச்சியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஏட்டைத் திருத்துவதற்கு வேண்டியது தேதியும் கணக்கும்தான்.

நாம் உட்கார்ந்து எழுதிய கடுதாசி இப்படி இருந்தது. ஆபீசில் எல்லாரும் படிக்கும்படி இதை மலாயில் எழுதிக் கொடுத்தோம்.

"தேதி: 13.10.2025

தோட்ட மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: வேலைக்குச் சேர்ந்த தேதியையும் 2025 செப்டம்பர் சம்பளத்தையும் திருத்தும்படி விண்ணப்பம்.

ஐயா, என் பெயர், அடையாளக் கார்டு எண், தொழிலாளர் எண் ஆகியவை கீழே உள்ளன. நான் இத்தோட்டத்தின் இரண்டாவது டிவிசனில் வெளிக்காட்டு வேலை செய்கிறேன்.

1. என் சம்பளச் சீட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி 1.10.2022 என்று உள்ளது. நான் சேர்ந்த தேதி 1.10.2003. 1.10.2022 தோட்டம் கைமாறிய தேதி. அன்றிலிருந்து இடைவெளி இல்லாமல் வேலை செய்து வருகிறேன். கைமாறியபோது நட்டஈடு எதுவும் பெறவில்லை. என் பழைய சர்வீஸ் ஏற்றுக்கொள்ளப்படும் என்று 2022இல் எனக்குக் கொடுத்த கடிதம் கூறுகிறது.

2. இந்தத் தவற்றால் என் வருடாந்திர லீவு 16 நாளுக்குப் பதில் 12 நாளாகக் கணக்கிடப்பட்டுள்ளது. செப்டம்பரில் நான் எடுத்த இரண்டு நாள் லீவுக்குச் சம்பளம் வரவில்லை. வர வேண்டியது 2 நாள், 65.38 வெள்ளி வீதம், 130.76 வெள்ளி.

ஆகவே தயவுசெய்து என் சேர்ந்த தேதியை எல்லா ஏடுகளிலும் 1.10.2003 என்று திருத்தும்படியும், 130.76 வெள்ளியை அக்டோபர் சம்பளத்தோடு சேர்த்துத் தரும்படியும், திருத்தியதை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 27.10.2025க்குள் பதில் கிடைத்தால் நன்றியுடையவளாவேன்.

இணைப்பு: சம்பளச் சீட்டு நகல் நான்கு (அக்டோபர் 2003, செப்டம்பர் 2022, அக்டோபர் 2022, செப்டம்பர் 2025), 2022 கடித நகல் ஒன்று.

நகல்: சங்கக் கிளைச் செயலாளர்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். சீட்டில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், ஏன் என்று அந்த வரிசையில் இருக்கிறது. யார் மேலும் பழி இல்லை. நட்டஈடு பெறவில்லை என்ற வரி முக்கியம். அதைத்தான் மேலாளர் முதலில் கேட்பார். "எல்லா ஏடுகளிலும்" என்ற சொல்லும் முக்கியம். அது இல்லாவிட்டால் லீவை மட்டும் சரிசெய்து, தேதியை அப்படியே விட்டுவிடக்கூடும். இரண்டு நாள் காசு கைக்கு வந்ததும் நாமும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவோம். 25,000 வெள்ளித் தப்பு ஏட்டில் தூங்கிக்கொண்டே இருக்கும்.

பதில் கேட்ட இரண்டு வாரம் சட்டம் போட்ட கெடு அல்ல. நாமே வைத்த நாள். தேதி போடாத கடுதாசிக்குப் பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் வைத்தோம்.

கொடுக்கும் விதம்

கடுதாசியை இரண்டு பிரதி எடுக்கச் சொன்னோம். ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மூலக் காகிதங்களைக் கொடுக்கவே கூடாது. "ஒரிஜினலைக் கொண்டா" என்றால் கொண்டுபோய்க் காட்டலாம். பார்த்ததும் கையோடு வாங்கி வர வேண்டும்.

இன்னொன்று. "இந்தப் புதுப் பாரத்துல கையெழுத்துப் போடுங்க, சரியாயிடும்" என்று யாராவது நீட்டினால், படித்துக் காட்டச் சொல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள். அதில் சேர்ந்த தேதி 2022 என்று இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், உங்கள் அத்தாட்சியை நீங்களே மறுத்ததாகிவிடும்.

என்ன ஆச்சு?

கடுதாசி கொடுத்த ஒன்பதாம் நாள் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாள் காகிதப் பையோடும் சங்கக் கிளைச் செயலாளரோடும் போனார். மேலாளர் சீட்டுகளைப் பார்த்தார். கைமாறியபோது வந்த பெயர்ப் பட்டியலை எடுத்து வரச் சொன்னார். அதில் அம்மாளின் பெயருக்கு நேரே 1.10.2003 என்றே இருந்தது! பட்டியலில் சரி, கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் தப்பு. அவருக்கு மட்டுமல்ல, அன்று மாறிவந்த எல்லாருக்கும் அதே தேதி விழுந்திருந்தது. ஒருவர் எழுதிய கடுதாசி அத்தனை பேருக்கும் வழி திறந்தது.

அக்டோபர் சம்பளச் சீட்டில் 130 வெள்ளி 76 காசு நிலுவை என்று வந்தது. சேமநிதிச் சந்தாவும் அதற்குப் பிடித்திருந்தார்கள். லீவுச் சம்பளமும் சம்பளம்தான் என்பதால் அது சரியே. சேர்ந்த தேதி என்ற இடத்தில் 1.10.2003. திருத்தியதாக ஒரு கடிதமும் வந்தது. அந்தக் கடிதம்தான் இனி அவருக்குப் பெரிய சொத்து. நாளைக்குத் தோட்டம் இன்னொரு தடவை கைமாறினாலும் அது பேசும்.

பதிலே வராமல் போயிருந்தால்? முத்திரை வாங்கிய நகலையும் அத்தாட்சிகளையும் எடுத்துக்கொண்டு சங்கத்தோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருக்கலாம். வர வேண்டிய சம்பளம் வராத புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வேலைச் சட்டத்தின்படி அந்த இலாகாவுக்கு உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது, "முதலாளிக்குத் தெரிவித்தீர்களா? எப்போது?" என்பதுதான். முத்திரை போட்ட நகலே அதற்குப் பதில்.

இன்று சாயந்தரம் வேலை விட்டு வந்ததும், கடைசியாக வந்த சம்பளச் சீட்டை எடுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெயர், அடையாளக் கார்டு நம்பர், சேர்ந்த தேதி. இந்த மூன்றும் சரியா? தோட்டம் கைமாறிய தேதியும் உங்கள் சீட்டில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா? இருந்தால், பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைத் தேடுங்கள். நாளைக்கே கடுதாசி எழுதுங்கள்.